அங்கீகரிக்காத கார்டு பரிவர்த்தனை: பொறுப்பு முழுவதும் என்னுடையது என்ற பதிலை மறுத்துப் புகார்

நாள்: 06.09.2024
மதுரை

பெறுநர்
முதன்மை நோடல் அதிகாரி,
கிரெடிட் கார்டு பிரிவு.

பொருள்: 09.08.2024 அன்று என் அனுமதியின்றி நடந்த ரூ.18,460, ரூ.24,135 ஆகிய இரு பரிவர்த்தனைகள் (மொத்தம் ரூ.42,595) தொடர்பாக.

ஐயா/அம்மையீர்,

மேற்கண்ட இரண்டும் வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் நடந்தவை. எனக்கு ஓடிபி எதுவும் வரவில்லை. வெள்ளிக்கிழமை இரவு 11.42-க்குப் பணம் எடுக்கப்பட்ட எஸ்எம்எஸ் மட்டுமே வந்தது. 14.08.2024 புதன் காலை 10.20-க்கு வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துக் கார்டை முடக்கி, புகார் எண்ணும் பெற்றேன். கையெழுத்திட்ட டிஸ்ப்யூட் படிவத்தை 21-ஆம் தேதி மின்னஞ்சலில் அனுப்பினேன்.

தங்கள் பிரிவின் பதில் கடிதம் "12 நாள் கழித்துத் தெரிவித்ததால் முழுத் தொகையும் வாடிக்கையாளர் பொறுப்பு" என்கிறது. இந்தக் கணக்கு இரண்டு இடங்களில் தவறு.

முதலாவது, தெரிவித்த தேதி. ரிசர்வ் வங்கியின் 06.07.2017 சுற்றறிக்கை, வாடிக்கையாளர் வங்கிக்குத் தகவல் சொன்ன நாளைத்தான் கணக்கில் கொள்கிறது. தொலைபேசியில் சொல்வதும் தகவல்தான். தாங்களே புகார் எண் கொடுத்துவிட்டு, படிவம் வந்த நாளைத் தொடக்கமாக வைத்துக்கொள்ள முடியாது. படிவம் விசாரணைக்கான காகிதம், அவ்வளவே.

இரண்டாவது, நாட்களை எண்ணும் முறை. சுற்றறிக்கை சொல்வது வேலை நாட்களை. அதிலும் என் கணக்கு உள்ள கிளையின் வேலை நாட்களை. வங்கியின் தகவல் கிடைத்த நாளைச் சேர்க்கக் கூடாது. எனவே 9-ஆம் தேதி கணக்கில் வராது. 10 இரண்டாவது சனி, 11 ஞாயிறு, இரண்டும் விடுமுறை. 12 திங்கள் முதல் வேலை நாள், 13 இரண்டாவது, 14 மூன்றாவது. கார்டு விவரம் வேறெங்கோ கசிந்து, தவறு வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாத நிலையில், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்குப் பொறுப்பு பூஜ்யம். நான் 16-ஆம் தேதி தெரிவித்திருந்தால் (15 சுதந்திர தினம்) அது நான்காவது வேலை நாள். அப்போதும், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு, நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உச்சவரம்பு ரூ.10,000தான். என் கார்டின் லிமிட் 3 லட்சம். ஏழு வேலை நாட்களைத் தாண்டினால்தான் வங்கியின் சொந்தக் கொள்கைக்கே இடம் வருகிறது.

"கார்டு எண், சிவிவி சரியாகக் கொடுக்கப்பட்டிருப்பதால் தாங்களே பகிர்ந்திருக்க வேண்டும்" என்பது அடுத்த வாதம். இது ஊகம். வெளிநாட்டு வணிகர்கள் பலர் ஓடிபி கேட்பதில்லை. ஏதோவொரு கடையின் தரவுத்தளத்திலிருந்து எண் கசிந்தாலே போதும். வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. எனவே சரிபார்ப்பு நடந்ததா என்பதைக் காட்டும் குறியீடான ECI மதிப்பை இரு பரிவர்த்தனைகளுக்கும் தெரிவியுங்கள். என்னுடையது வீசா கார்டு. 05 என்றால் ஓடிபி போன்ற சரிபார்ப்பு நடந்தது, 07 என்றால் நடக்கவே இல்லை. 05 என்பீர்களானால், ஓடிபி எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்குச் சென்றது என்ற பதிவையும் சேர்த்துத் தாருங்கள். 07 என்றால், வணிகரின் வங்கியிடமிருந்து சார்ஜ்பேக் மூலம் தொகையைத் திரும்பப் பெறும் வழி தங்களிடம் உள்ளது. அதற்கான கெடு பொதுவாக 120 நாள். என்னோடு கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாமல் தொகை வரவு வைக்க இயலாது என்றும் கூறியுள்ளீர்கள். சுற்றறிக்கையில் அப்படியொரு நிபந்தனை இல்லை. ஆயினும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் பதிந்த புகாரின் ஒப்புகையை இணைத்துள்ளேன்.

நான் கோருவது: தகவல் தெரிவித்ததிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் தற்காலிக வரவு வைத்திருக்க வேண்டும். 24 நான்காவது சனி, 26 கிருஷ்ண ஜெயந்தி எனக் கழித்தாலும் அந்தக் கெடு 29.08.2024 அன்றே முடிந்துவிட்டது. ரூ.42,595-ஐ 09.08.2024 தேதியிட்டு வரவு வையுங்கள். அதன் மீதான அந்நியச் செலாவணிக் கட்டணம், ஜிஎஸ்டி, வட்டி, தாமதக் கட்டணத்தையும் நீக்குங்கள். பில்லில் இந்தத் தொகை போக மீதியை முழுவதும் கட்டிவிட்டேன். தகராறு தீரும் முன் இதை நிலுவை என்று சிபில் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பக் கூடாது. புகாரை முடிக்க 90 நாள், அதாவது 12.11.2024 வரை அவகாசம் உள்ளது. அது விசாரணைக்கானது, தற்காலிக வரவைத் தள்ளிப்போட அல்ல.

தங்கள் பதில் கடிதம் ஏற்கெனவே மறுப்பு என்பதால் ஒம்புட்ஸ்மேனிடம் இப்போதே போகலாம். ஆயினும் 16.09.2024 வரை காத்திருப்பேன். அதன் பின் cms.rbi.org.in தளத்தில் புகார் பதிவாகும்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: எஸ்எம்எஸ் படப்பதிவு, 14-ஆம் தேதி அழைப்புப் பதிவும் புகார் எண்ணும், டிஸ்ப்யூட் படிவம், 1930 ஒப்புகை, பில் கட்டிய ரசீது, தங்கள் பதில் கடித நகல்.