வரவேற்புரைக்கு நன்றி சார், ஸ்கிரீன் ரீடர் எப்போது?

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான கூட்டத்தில் நீங்கள் பேசியது நன்றாகவே இருந்தது. "மாற்றுத்திறனாளி நண்பர்கள் யாரும் இங்கே ஒதுங்கி உட்காரக் கூடாது, என்ன வேண்டுமோ கேளுங்கள்" என்றீர்கள். கேட்டேன். பார்வையற்ற எனக்கு, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை என் மேசைக் கணினியில் போட்டுக் கொடுத்தார்கள், நன்றி. ஆனால் அது தேவைப்படுவது வேறு இடத்தில் என்று ஐடி பிரிவிடம் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

நம் கணக்கு மென்பொருள் சர்வரில் இருக்கிறது, ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத்தான் எல்லோரும் திறக்கிறோம். அந்த வழியில் மேசைக்கு வந்து சேர்வது வெறும் படம். பார்க்க முடிந்தவருக்கு அது போதும். ஸ்கிரீன் ரீடர் படிப்பதோ படத்தை அல்ல, ஒவ்வொரு பொத்தானும் பெட்டியும் விண்டோஸிடம் சொல்லி வைத்திருக்கும் பெயரை. அந்தப் பெயர்கள் சர்வரிலேயே நின்றுவிடுகின்றன. அதனால் டாஸ்க்பாரில் டேப் தட்டினால் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவது, ரிமோட் சன்னலுக்குள் போனதும் அதன் தலைப்பை ஒருமுறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. அப்புறம் எந்த வவுச்சரில் நிற்கிறேன், தொகையை எந்தக் கட்டத்தில் அடித்தேன் என்பதெல்லாம் பக்கத்து மேசைக்காரர் சொன்னால்தான் எனக்குத் தெரியும். அவருக்கும் வேலை இருக்கிறது சார்.

சர்வரிலும் என்விடிஏ நிறுவ வேண்டும், ரிமோட் இணைப்பில் ஒலி இந்தப் பக்கம் வர அனுமதிக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன். அது இலவசம். சர்வரில் இருந்தாலும் அதை இயக்குகிறவருக்கு மட்டும்தான் பேசும், மற்றவர்கள் வேலையில் தலையிடாது. "பாதுகாப்புக் கொள்கை இடம் தராது" என்கிறார்கள். மூலநிரலே திறந்து கிடக்கிறது, யாரும் சோதித்துப் பார்க்கலாம். என் கணினியில் இருக்கலாமாம், சர்வரில் மட்டும் ஆபத்தாம்!

கொள்கை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனமானால், உதவிக் கருவிகளுக்கு என்ன ஏற்பாடு, தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. நம் இணையதளத்தில் தேடினேன். பூங்கொத்தோடு நாங்கள் நிற்கும் படம் கிடைத்தது. அதற்கும் ஸ்கிரீன் ரீடர் படித்துச் சொல்ல மாற்று உரை இல்லை, நண்பர் பார்த்துச் சொன்னார்.

சரி, கோபம் போதும். சர்வரில் ஸ்கிரீன் ரீடர் நிறுவ ஐடி பிரிவுக்கு எழுத்தில் ஓர் உத்தரவு தாருங்கள், தேதியும் குறித்துத் தாருங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நிறுவும்போது என்னையும் கூப்பிடச் சொல்லுங்கள். ரிமோட்டில் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும், எவ்வளவு தாமதம் வரை தாங்கும் என்பதை விசையைத் தட்டிப் பார்த்து அங்கேயே சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பார்வையற்ற ஊழியர்