தூணருகே நின்றவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குழுவுக்கு இன்று 25 வயது. இந்த மாதிரி நாளில் பாடுகிறவர்தான் பேசுவார். இந்த முறை நான் பேசுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பேஸ் வாசிக்கிறவன் உங்களிடம் பட்டிருக்கிற கடன் கொஞ்சம் வேறு.

பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு 41 முறை அதிரும். அந்த ஒலியின் ஒரே ஒரு அலை எட்டு மீட்டருக்கு மேல் நீளம். அது சுவரில் மோதித் திரும்பும்போது அரங்கின் சில இடங்களில் பெருத்துவிடும், சில இடங்களில் தன்னைத்தானே அழித்துக்கொண்டு காணாமல் போய்விடும். மேடையில் நிற்கிற எனக்கு எல்லாம் சரியாகத்தான் கேட்கும்.

ஆரம்பத்தில் எங்களுக்கென்று ஒலிப் பொறியாளர் கிடையாது. ஒரு நாள் நிகழ்ச்சி முடிந்ததும் ஒருவர் வந்து, "அண்ணே, தூண்கிட்ட நின்னேன். ஒரு சுரம் மட்டும் வரவே இல்ல. அது வர்ற இடத்துல பாட்டே காலியாயிடுது" என்றார். அடுத்த முறை ஒலியைக் கூட்டிப் பார்த்தோம். மற்ற இடங்களில் காது அடைத்தது, தூணருகே அதே வெறுமை. அப்புறம் அவரே அங்கே போய் நின்றார். நான் அந்த ஒரு சுரத்தையே வாசித்துக்கொண்டிருக்க, டிரம்மர் ஸ்பீக்கர் பெட்டியைச் சுவரிலிருந்து அரை அடி அரை அடியாக நகர்த்தினார். மூன்றாவது தடவை தூணருகே ஒரு கை உயர்ந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஒலிச் சோதனைக்கும் உங்களில் நாலைந்து பேர் வேலை முடிந்த கையோடு வந்து மூலைக்கொருவராக நிற்கிறீர்கள். அதற்கப்புறம் டிக்கெட்டும் வாங்குகிறீர்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். கதவை மூடினாலும் பேஸ் சத்தம் சுவர் வழியே போய்விடும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ராத்திரியில் ஆம்ப் போடாமல் கிட்டாரின் தலையை மர அலமாரியின் கதவில் முட்டுக்கொடுத்து வாசிப்பேன். மரம் அதிர்ந்து எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குச் சத்தம் தரும். முட்டி முட்டி அந்தக் கதவில் ஒரு குழியே விழுந்துவிட்டது. வீடு மாறியபோது அலமாரியை விற்றுவிடலாம் என்றேன். மனைவி விடவில்லை. இன்று அதில் மகளின் துணிகள் இருக்கின்றன.

புதுத் தந்தி வாங்கக் காசில்லாத நாட்களில், அழுக்கேறி மங்கிய தந்திகளை அம்மா கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, ஈரம் போகத் துடைத்துத் தருவார். பளிச்சென்ற ஒலி சில நாள்தான் தாங்கும். எங்களுக்கு அந்தச் சில நாள் போதுமாக இருந்தது. அந்தப் பாத்திரத்தை அவர் இன்றுவரை வேறெதற்கும் எடுப்பதில்லை.

அம்மா முன்வரிசையில் இருக்கிறார். அவர் பக்கத்தில் ஐந்து நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. தூணருகே நிற்பவர்களே, அவை உங்களுக்குத்தான், வந்து உட்காருங்கள். பெட்டியை மதியமே நகர்த்திப் பார்த்துவிட்டோம்.