வாழ்க்கைக் குறிப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் தலைமை ஆசிரியரின் பணி நிறைவு விழாவில் நான் வாசித்த வாழ்க்கைக் குறிப்பு நன்றாக இருந்ததாகப் பலரும் சொன்னீர்கள். அதில் நல்லதாக இருந்தவை மற்றவர்கள் கொடுத்தவை. அவர்களுக்கே இந்த மடல்.

முதலில் அலுவலக உதவியாளருக்கு. ஐயா சில ஆண்டுகளுக்கு முன் தன் கைப்பட எழுதி வைத்த தாளில் ‘33 ஆண்டுப் பணி’ என்றிருந்தது. அவரே எழுதியதாயிற்றே என்று அப்படியே சேர்த்துவிட்டேன். உதவியாளரோ பணிப்பதிவேட்டை எடுத்து, விரல் வைத்து வரி வரியாகப் பார்த்து, 35 என்றார். 58 வயதில் ஓய்வு என்று இருந்த காலத்தில் போட்ட கணக்கு அது. ஓய்வு வயது 2020இல் 59 ஆகி, அடுத்த ஆண்டே 60 ஆனதில் கூடிய இரண்டு ஆண்டுகள் அந்தத் தாளில் ஏறவே இல்லை. பதவி உயர்வு ஆணையின் தேதி வேறு, பொறுப்பேற்ற தேதி வேறு என்பதையும் அவர்தான் காட்டிக்கொடுத்தார். பொறுப்பேற்ற தேதிகளையே வாசித்தேன்.

அடுத்து, சத்துணவுக் கூடத்துச் சமையலர் அக்காவுக்கு. ‘மாணவர் நலனில் அளவற்ற அக்கறை கொண்டவர்’ என்று நான் எழுதியிருந்தேன். எந்தத் தலைமை ஆசிரியருக்கும் பொருந்தும் வரி அது. ஐயாவைப் பற்றி அக்காவிடம் கேட்டபோது, அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “பரிமாறுறதுக்கு முன்னாடி ருசி பார்க்க வருவாரு. மேலாக எடுத்துக் கொடுத்தா வாங்க மாட்டாரு. ‘அடியில இருந்து போடுங்கம்மா, கடைசியா வர்ற பிள்ளைக்கு அதுதானே’ம்பாரு.” ருசி பார்ப்பது விதி. அடிச்சோற்றைக் கேட்டு வாங்கியது ஐயா. பழைய வரியை அடித்துவிட்டு இதையே எழுதினேன். அரங்கம் அமைதியானது இந்த இடத்தில்தான்.

தேர்வுக் கட்டணத்தை ஐயா கட்டிய கதையைச் சொன்ன முன்னாள் மாணவருக்கும் நன்றி. பெயர் வேண்டாம் என்றார். ஊரையும் ஆண்டையும்கூட எடுத்துவிட்டேன். சிறிய ஊரில் ஆண்டைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம் தமிழாசிரியர் அம்மா. என் முதல் வரைவு 900 சொற்கள். சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு எதிரே கடிகாரத்துடன் உட்கார்ந்தார். பத்து நிமிடம் ஆனது. எனக்கு மூச்சு வாங்கிய இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டார். நீண்ட வாக்கியங்களை இரண்டாக உடைத்தோம். விருதுப் பட்டியல் வாழ்த்துமடலிலேயே இருந்ததால் அதை விட்டோம். 400 சொற்களில், நாலரை நிமிடத்தில் முடிந்தது.

ஒரு குறை என்னுடையது. ஐயா மாற்றுப்பணியில் ஓராண்டு இருந்த பள்ளியை விட்டுவிட்டேன். விழா முடிந்ததும் அவர் துணைவியார் மெதுவாகச் சொன்னார். வீட்டுக்குக் கொடுக்கும் சட்டமிட்ட பிரதியில் அது சேர்ந்திருக்கிறது.

நன்றியுடன்,
விழாக் குழுவின் சார்பில்,
கணித ஆசிரியர்