சீலிங் ஒழுகலுக்கு என்ன பதில் எழுதுவது

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா மூட்டு அறுவை முடிந்து வீட்டுக்குள் நடக்கத் தொடங்கிவிட்டார் என்று படித்ததும் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே பேத்திக்கு அடுத்த மாதம் பொதுத்தேர்வு. வீட்டில் டிவி ஓடுவதில்லை.

இனி வேளச்சேரி வீட்டு விஷயம். உன் வீட்டில் குடியிருக்கும் தம்பி அனுப்பிய புகாரையும் அதற்கு நீ எழுதி வைத்திருந்த பதிலையும் படித்தேன். "விரைவில் ஆவன செய்கிறேன்" என்று முடித்திருக்கிறாய். தயவுசெய்து அதை அனுப்பாதே. தலைக்கு மேல் சொட்டிக்கொண்டிருப்பவருக்கு "விரைவில்" என்ற சொல்லை வைத்து எதையும் திட்டமிட முடியாது. தேதி வேண்டும். எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரியாமல் தேதி சொல்ல முடியாது என்பதால், அந்தத் தம்பியிடம் முந்தின நாளே கேட்டுக்கொண்டு நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பாத்ரூம் சீலிங்கிலும் அதை ஒட்டிய படுக்கையறை மூலையிலும் ஓதம் ஏறியிருக்கிறது. மழை பெய்து வாரக்கணக்கில் ஆகிறது, மேலே இன்னும் இரண்டு மாடி இருக்கிறது. அதனால் மொட்டைமாடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காலையில் மேல் வீட்டில் எல்லோரும் குளிக்கும் நேரத்தில் சொட்டு வேகமாக விழுகிறது, மதியத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. தண்ணீர் வரும் குழாயில் ஓட்டை இருந்தால் அழுத்தம் எப்போதும் இருப்பதால் இரவும் பகலும் ஒரே மாதிரி ஒழுகும். இது புழக்கத்தைப் பொறுத்து மாறுவதால், கழிவுநீர் போகும் வழியிலோ தரையிலோதான் கோளாறு.

அந்த இரண்டில் எது என்று பார்க்க மேல் வீட்டம்மா ஒத்துழைத்தார். முதலில் தரைத் தண்ணீர் வெளியேறும் நஹானி டிராப்புக்குள் நேராகப் பைப்பை விட்டு நிறையத் தண்ணீர் ஓடவிட்டோம். கீழே வேகம் கூடவில்லை. பிறகு டிராப் வாயைத் துணியால் அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கவிட்டோம். அரைமணி நேரத்துக்குள் கீழே சொட்டு வேகமெடுத்தது. ஆக, குழாய் நன்றாக இருக்கிறது. டைல்ஸ் இடுக்கு வழியாகவும் டிராப்பின் கழுத்தைச் சுற்றியும் தண்ணீர் இறங்குகிறது, அதற்குக் கீழே இருக்க வேண்டிய வாட்டர்ப்ரூஃபிங் செத்துவிட்டது. இடுக்கில் வெள்ளை சிமென்ட் பூசினால் போதும் என்று பிளம்பர் சொல்வார். சம்மதிக்காதே, சில மாதத்தில் மறுபடி இதே கதைதான்.

இன்னொன்று. மேல் பாத்ரூம் தரை தாழ்தளம். கான்கிரீட்டுக்கும் டைல்ஸுக்கும் நடுவே செங்கல் ஜல்லி நிரப்பியிருக்கிறார்கள். அந்த நிரப்பு முழுக்க இப்போது தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது. மேலே புழக்கத்தை நிறுத்தினாலும் கீழே சில நாள் சொட்டும். வேலை முடிந்த பிறகும் தளத்தில் ஊறிய ஈரம் காய வாரங்கள் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், வேலை நடந்தும் ஒழுகுகிறதே, ஏமாற்றுகிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். உன் பதிலில் கட்டாயம் இருக்க வேண்டிய வரி அது.

ஈரம் காய்வதற்குள் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் கொப்புளம் கட்டி உரியும். அதனால் அவர் கண்ணில் படும் வேலை கடைசியில்தான் வரும். சீலிங்கில் ஓரிடத்தில் பழுப்பு நிறக் கோடு தெரிகிறது. உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். துரு ஏறிய கம்பி பருத்துப் பூச்சைத் தள்ளும். தட்டிப் பார்த்தேன், ஒரு முழ அகலத்துக்குப் பொள்ளல் சத்தம் கேட்டது. அந்தப் பூச்சு யார் தலையிலாவது விழுவதற்கு முன் நாமே உதிர்த்துவிட வேண்டும். ஈரத்துக்குப் பக்கத்திலேயே லைட் பாயின்ட் இருக்கிறது. அந்த லைனின் எம்சிபி சுவிட்சை அன்றே இறக்கி வைக்கச் சொல்லிவிட்டேன்.

பதிலை இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்:

"வணக்கம். பிப்ரவரி 6 அன்று நீங்கள் அனுப்பிய புகாரும் படங்களும் கிடைத்தன. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். என் நண்பர் வந்து பார்த்ததில், மேல் வீட்டு பாத்ரூம் தரையிலிருந்து தண்ணீர் இறங்குவது உறுதியாகியிருக்கிறது. உங்கள் புழக்கத்தால் வந்த பழுது அல்ல. செலவு எதுவும் உங்களைச் சேராது.

பிப்ரவரி 10 காலை எலக்ட்ரீஷியன் வந்து பாத்ரூம் லைட் இணைப்பைத் துண்டித்து, தற்காலிக விளக்கு ஒன்றைச் சுவரில் பொருத்துவார். அதே நாளில் கொத்தனார் தளர்ந்த பூச்சை உதிர்ப்பார். அதுவரை அந்த இடத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டாம். மேல் வீட்டில் பிப்ரவரி 13 அன்று டைல்ஸை உடைத்து வேலை தொடங்கி, 28க்குள் முடிப்பதாகத் திட்டம். இது மேல் வீட்டாரின் சம்மதத்தைப் பொறுத்தது. தேதி மாறினால் 11ஆம் தேதிக்குள் சொல்லிவிடுகிறேன். வேலை நடக்கும்போதும், முடிந்த பிறகு சில நாளும் சொட்டு இருக்கும். அது உள்ளே தேங்கிய தண்ணீர். மார்ச் 10க்குப் பிறகும் சொட்டினால் உடனே தெரிவியுங்கள், மறுபடி சோதிப்போம். சீலிங் நன்றாகக் காய்ந்த பிறகு, மார்ச் கடைசி வாரத்தில் கம்பியைச் சுத்தம் செய்து பூச்சு, பட்டி, பெயின்ட் வேலை நடக்கும்.

ஆட்கள் வருவதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்கு எழுதுவேன். நேரம் ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். ஈரத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, வாரம் ஒரு படம் அனுப்பினால் உதவியாக இருக்கும். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாத வாடகையிலும் தலா ரூ.2,000 குறைத்துக்கொள்ளுங்கள்."

வாடகையைக் குறைப்பது உன் விருப்பம். ஒரு பாத்ரூமைப் பாதி பயன்படுத்தமுடியாமல் இருப்பவரிடம் முழு வாடகை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால் எழுதினேன். செலவு உன்னுடையது என்பதில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, கட்டட அமைப்புப் பழுதையும் மின்கம்பி வேலையையும் உரிமையாளர் பொறுப்பில்தான் வைக்கிறது. மேல் வீட்டாரோடு செலவை எப்படிப் பங்கிடுவது என்பது உங்கள் இருவருக்கும் நடுவில். அந்தத் தம்பியை அதற்குள் இழுக்காதே.

மேல் வீட்டு வேலைக்கு ஏன் இரண்டு வாரம் என்று கேட்பாய். நிரப்பை முழுக்க அள்ளித் தளத்தைக் காயவிட வேண்டும், டிராப்பைப் புதிதாக உட்கார வைக்க வேண்டும், வாட்டர்ப்ரூஃபிங் கெமிக்கல் இரண்டு கோட் அடித்துச் சுவரிலும் ஒரு அடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். பிறகு 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழே வந்து பார்க்க வேண்டும். கொத்தனார்கள் தவிர்க்கப் பார்ப்பது இந்தச் சோதனையைத்தான். டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒழுகினால் மறுபடி எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். அதனால் தண்ணீர் கட்டும் இரண்டு நாளும் நானே போய் நிற்கிறேன்.

மேல் வீட்டில் இரண்டாவது பாத்ரூம் இருப்பதால் பெரிய இடைஞ்சல் இல்லை. ஆனாலும் நீயே இன்று அந்தம்மாவிடம் பேசிவிடு. அவர் சரி என்றதும் இதை அனுப்பு. நாளை மாலைக்குள் சம்மதம் கிடைக்காவிட்டாலும், 10ஆம் தேதி வேலை அவரைச் சார்ந்ததில்லை என்பதால் அனுப்பிவிடு.

அக்காவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்