நாவல் பாடக் குறிப்பைச் சான்று அட்டவணையாக்குதல்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

இந்தப் பருவத்தில் உங்கள் பிள்ளைகளுக்கு நாவல் பாடம் நடக்கிறது. வகுப்பில் எடுத்த குறிப்பை வீட்டில் அத்தியாய வாரியான ஓர் அட்டவணையாக மாற்றி எழுதும்படி சொல்லியிருக்கிறோம். "எழுதியதையே எதற்கு மறுபடி எழுதுகிறாய்?" என்று கேட்கத் தோன்றலாம். பார்த்தால் ஒரே வேலை போல இருக்கும், ஆனால் இரண்டும் வேறு. அந்த வேறுபாட்டை நீங்களும் அறிந்திருந்தால் வீட்டில் உதவுவது எளிது.

நாவலைப் பற்றிப் பேசும் ஆசிரியர் அத்தியாய வரிசையில் பேசுவதில்லை. ஒரு கதைமாந்தரை எடுத்தால் மூன்றாம் அத்தியாயத்தில் தொடங்கி ஒன்பதுக்குத் தாவி, பிறகு ஐந்துக்குத் திரும்புவார். முழுக் கதையும் அவருக்குத் தெரியும், முடிவை மனத்தில் வைத்தே பேசுகிறார். கேட்டு எழுதும் மாணவரின் நோட்டில் அவருடைய முடிவுகள் மட்டும் தங்குகின்றன. அந்த முடிவுக்கு அவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அட்டவணையின் வேலை அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடிப்பதுதான். அதனால் நாவலைப் பக்கத்தில் திறந்து வைக்காமல் இதை எழுத முடியாது. பிள்ளை குறிப்பேட்டை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டிருந்தால், நடப்பது வெறும் நகலெடுப்பு.

வகுப்பில் செய்ய வேண்டியது குறைவு. குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். ஆசிரியரின் கருத்துக்குப் பக்கத்தில் "க" என்றும், அவர் சுட்டிய நிகழ்ச்சிக்கோ வரிக்கோ பக்கத்தில் "சா" என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். அத்தியாய எண்ணைச் சொன்னால் அதையும். அன்று மாலையே, அல்லது மறுநாளுக்குள், வலப்பக்கத்தில் அட்டவணை. தள்ளிப்போட்டால் "அந்தக் கடித விஷயம்" போன்ற அரைகுறைக் குறிப்பு எதைச் சொல்கிறது என்றே பிள்ளைக்கு மறந்துவிடும்.

எப்படி என்று காட்ட, விளக்கத்துக்காகவே கட்டிய ஒரு சிறு கதையை எடுத்துக்கொள்வோம். ஓர் அண்ணன், ஒரு தங்கை, வெளியூரில் இருக்கும் அப்பா. வகுப்பில் ஆசிரியர் சொன்னது: "அண்ணன் பொறுப்பைத் தட்டிக்கழிப்பவன். அப்பாவின் கடிதத்தைப் பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான், கவனித்தீர்களா? தங்கையே சொல்கிறாள், அவன் எதையும் முடிக்க மாட்டான் என்று. ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தில் மாறிவிடுகிறான்." மாணவர் புத்தகத்தைத் திறந்து தேடிய பின் அட்டவணை இப்படி அமைகிறது:

| அத்தியாயம் | நூலில் இருப்பது | யார் வழியாக | இதிலிருந்து தெரிவது |
|---|---|---|---|
| 3 | கடிதத்தைப் பிரிக்காமல் சட்டைப்பையில் வைக்கிறான் | கதைசொல்லி | தவிர்க்கிறான். காரணம் தெரியவில்லை |
| 5 | "அவன் எதையும் முடிக்க மாட்டான்" | தங்கை, சண்டையின்போது | தங்கையின் கோபம். அவனைப் பற்றிய உறுதி இல்லை |
| 6 | இரவு முழுக்க விழித்து, ஒழுகும் கூரையைத் தனியாகச் சரிசெய்கிறான் | கதைசொல்லி | எடுத்த வேலையை முடிக்கிறான் |
| 9 | கசங்கிய கடிதத்தைப் பிரித்துத் தங்கைக்கு வாசித்துக் காட்டுகிறான் | கதைசொல்லி | தவிர்த்ததை எதிர்கொள்கிறான் |

ஆறாம் அத்தியாயத்தைப் பாருங்கள். ஆசிரியர் அதைச் சொல்லவில்லை. கடிதத்தைத் தேடிப் பக்கங்களைப் புரட்டிய மாணவரின் கண்ணில் அது தானாகவே பட்டது. அந்த ஒரு வரிசை வந்ததும் "பொறுப்பைத் தட்டிக்கழிப்பவன்" என்ற கருத்து அப்படியே நிற்க முடியாமல் போகிறது. கைவேலைக்கு அஞ்சாதவன், அப்பாவின் சொல்லை எதிர்கொள்ளத்தான் அஞ்சுகிறான் என்று திருத்த வேண்டியிருக்கிறது. இது ஆசிரியரை மறுப்பதாகாது. ஒரு மணி நேரப் பேச்சில் அவர் சுருக்கிச் சொன்னதை மாணவர் விரித்துப் பார்க்கிறார். இத்தகைய எதிர்ச்சான்றை மறைக்காமல் எழுதும் அட்டவணைக்கே எங்கள் ஆசிரியர்கள் கூடுதல் மதிப்புத் தருவார்கள்.

"யார் வழியாக" என்ற மூன்றாவது கட்டத்தைத்தான் பிள்ளைகள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். கதைசொல்லி காட்டும் செயலும் இன்னொரு கதைமாந்தர் சொல்லும் சொல்லும் ஒரே எடையுள்ளவை அல்ல. தங்கை கோபத்தில் சொன்னதை நாவலே சொன்னதாக எடுத்துக்கொண்டால் கட்டுரை முழுவதும் தடம் மாறிவிடும்.

இன்னொரு தவறு, பின்னால் தெரிந்ததை முன்னால் எழுதுவது. மூன்றாம் அத்தியாய வரிசையில் "பின்னர் மனம் மாறப்போகிறவன்" என்று எழுதியிருந்தால் அது வகுப்பில் கேட்ட முடிவு, அந்த அத்தியாயத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: "இதுவரை மட்டுமே படித்த ஒருவர் இப்படிச் சொல்லியிருப்பாரா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தக் குறிப்பு ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் போக வேண்டும்.

கருப்பொருளுக்குத் தனித் தாள் ஒன்று. அங்கே "பொறுப்பு", "குடும்பம்" என்று ஒற்றைச் சொல் எழுதினால் எந்த அத்தியாயத்தையும் அதில் திணித்துவிடலாம், அதனால் பயன் இல்லை. கருப்பொருளை நாவல் சொல்லும் ஒரு முழு வாக்கியமாக எழுதி, சில அத்தியாயங்களுக்கு ஒருமுறை திருத்த வேண்டும். நம் கதையில் மூன்றாம் அத்தியாயத்துக்குப் பின் "கடமையிலிருந்து விலகி நிற்க முடியும்" என்று இருந்தது, ஆறுக்குப் பின் "ஒரு கடமையைச் செய்து இன்னொன்றை மறைத்துக்கொள்ளலாம்" என்று மாறும். ஒன்பதுக்குப் பின் "மறைத்த கடமை கூடவே வருகிறது" என்று ஆகும். பழைய வாக்கியத்தை அழிக்க வேண்டாம். ஒரு கோடு போட்டு அடித்து, எந்த அத்தியாயம் அதை மாற்றியது என்று பக்கத்தில் குறித்தால் போதும். கட்டுரையின் வளர்ச்சி அந்த அடித்தல்களிலேயே இருக்கிறது.

அளவையும் சொல்லிவிடுகிறேன். கதைமாந்தர் மூவர், கருப்பொருள் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு கதைமாந்தருக்கு ஒன்று அல்லது இரண்டு வரிசை. மேற்கோள் பத்துச் சொல்லுக்குள். நீண்டால் அது கதைச்சுருக்கமாகிவிடும். ஏதாவது அத்தியாயத்தில் ஒருவர் வரவே இல்லையென்றால் கட்டத்தை வெறுமையாக விடலாம். நீண்ட வெற்றிடம்கூட யோசிக்கத்தக்கது. பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும் என்பதால், பக்க எண்ணோடு அந்தப் பத்தியின் முதல் இரண்டு சொற்களையும் எழுதிவைத்தால் நண்பரின் புத்தகத்திலும் தேடிவிடலாம்.

நீங்கள் நாவலைப் படித்திருக்க வேண்டியதில்லை. அட்டவணையில் ஏதாவது ஒரு வரிசையைத் தொட்டு, "இது புத்தகத்தில் எங்கே இருக்கிறது, காட்டு" என்று கேளுங்கள். அரை நிமிடத்தில் பக்கம் திறந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. பிறகு கடைசிக் கட்டத்தைக் கையால் மூடி, "இந்தச் செயல் வேறு எதையாவது காட்டுமா?" என்று கேளுங்கள். பிள்ளை தயங்கினாலும் பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். தயங்கிய வரிசையில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புங்கள்.

அடுத்த வார நாவல் வகுப்புக்கு முதல் நான்கு அத்தியாயங்களின் வரிசைகள் முடிந்திருக்க வேண்டும். கேள்விக்குறி இட்டவற்றை எடுத்துக்கொண்டுதான் ஆசிரியர் பாடத்தைத் தொடங்குவார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்