பருவ இறுதிக் கடிதம்: ராஜ்மா உணவு குறித்து

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். இப்பருவத் தேர்வுகள் திட்டமிட்டபடி நடந்து முடிந்தன. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்.

இக்கடிதம் எழுதக் காரணம் வேறு. அண்மையில் வகுப்பு விருந்தில் பகிரப்பட்ட சிவப்பு ராஜ்மாவைச் சாப்பிட்ட சில மாணவர்கள், இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாக வாந்தி எடுத்தனர். சிலருக்கு வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் தொடர்ந்தன. மாலைக்குள் அனைவரும் தேறிவிட்டனர். உணவு கெட்டுவிட்டது, ஏதோ தொற்று பரவுகிறது என்றெல்லாம் பேச்சு எழுந்தது. ஆனால் அந்த ராஜ்மா இரவு முழுவதும் ஸ்லோ குக்கரில் குறைந்த சூட்டிலேயே இருந்திருக்கிறது, ஒருமுறைகூடக் கொதிக்கவில்லை. நோய்க்குறிகள் தொடங்கிய நேரமும் விரைவில் தணிந்த விதமும் ராஜ்மா நஞ்சுக்கே பொருந்துகின்றன. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

ராஜ்மாவில் இயல்பாகவே ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் புரதம் உள்ளது. சிவப்பு வகையில் அது மிக அதிகம். செரிமான நொதிகளால் எளிதில் சிதையாத இப்புரதம், குடலின் உட்சுவர் செல்களின் மேலுள்ள சர்க்கரைத் தொடர்களைப் பற்றிக்கொண்டு அச்செல்களின் இயல்பான வேலையைக் குலைக்கிறது. வேகாத நான்கைந்து விதைகளே ஒருவரை நோய்ப்படுத்தப் போதும்.

கவனிக்க வேண்டியது, மென்மையை வைத்துப் பாதுகாப்பை முடிவுசெய்ய முடியாது என்பதே. 80 டிகிரி அளவிலேயே நின்றுவிட்ட ராஜ்மா, விரலால் நசுக்கினால் மசியக்கூடும். ஆனால் அதன் நச்சுத்தன்மை பச்சை விதையில் இருப்பதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். கொதிநிலை வெப்பமே இப்புரதத்தைச் சிதைக்கிறது. ஆகவே குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அதன் பிறகும் நடுப்பகுதி கடினமாக இருந்தால் மேலும் வேகவிடுங்கள். ஸ்லோ குக்கரில் சமைப்பதானாலும் முதலில் இவ்வாறு கொதிக்க வைத்த பிறகே அதில் இடுங்கள். டப்பாவில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வேகவைக்கப்பட்டது என்பதால் அதற்கு இக்கவலை இல்லை.

எவரையும் குறைகூற இதை எழுதவில்லை. அந்த உணவு அன்போடு கொண்டுவரப்பட்டது என்பதை நான் அறிவேன். ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எப்படிச் சமைக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாமல் வரும் ராஜ்மா உணவு இனி வகுப்பில் பரிமாறப்படாது. இதற்கு விதிவிலக்கு இல்லை.

அன்று அழைத்தவுடன் வந்த பெற்றோருக்கும், சமைத்த முறையை மறைக்காமல் கூறி மருத்துவருக்கு உதவிய குடும்பத்தினருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்