ஃப்ரீலான்சரிடம் தளம் செய்யக் கொடுக்கும் முன் ஒரு பக்க ஒப்பந்தம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இணையதளங்களை வடிவமைப்பதில்லை. பிறர் வடிவமைத்தவற்றைப் பராமரிக்கிறோம். வேலை முடிந்து வடிவமைப்பாளர் விடைபெற்ற பிறகு எது எது கைக்கு வரவில்லை என்பது அதனால் எங்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. லோகோ என்று ஒரு சிறிய `.jpg` மட்டும் இருக்கும். நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் யாரிடமும் இருக்காது. டொமைன் வடிவமைப்பாளரின் பெயரில் பதிவாகியிருக்கும். பெரும்பாலும் இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. ஒருவர் கேட்கவில்லை, மற்றவர் சொல்லவில்லை, எதுவும் எழுதப்படவில்லை; அவ்வளவுதான். புதிதாக ஒருவரிடம் வேலை கொடுக்கவிருக்கும் சிலர், ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது என்று எங்களிடம் கேட்டிருக்கிறீர்கள். அதற்கான பதில்தான் இது.

ஒரு பல் மருத்துவமனைக்கு லோகோவும் ஐந்து பக்கத் தளமும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதப்படுவது, 'லோகோ மற்றும் இணையதளம் வடிவமைத்துத் தருதல்' என்ற ஒரே வரி. இந்த வரியை வைத்து வேலை முடிந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பதிலாக இப்படி எழுதலாம்: 'முகப்பு, மருத்துவர்கள், சிகிச்சைகள், கட்டணம், தொடர்பு ஆகிய ஐந்து பக்கங்கள். கைபேசியிலும் கணினியிலும் சரியாகத் தெரிய வேண்டும். தொடர்புப் படிவத்தில் எழுதுவது மருத்துவமனையின் மின்னஞ்சலுக்கு வந்து சேர வேண்டும். உரையையும் புகைப்படங்களையும் மருத்துவமனை தரும்.' கடைசி வாக்கியம் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் பாதியில் நிற்கும் தளங்களில் பல, உரையை எழுதித் தருவது யார் என்று தெரியாமல் நிற்பவைதான்.

லோகோவுக்குக் கோப்பு வகையையே பெயர் சொல்லி எழுதுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத `.svg` அல்லது வெக்டர் `.pdf` ஒன்று, பின்னணி இல்லாத `.png` ஒன்று, ஒரே நிறத்தில் அச்சிடக்கூடிய வடிவம் ஒன்று, பயன்படுத்திய எழுத்துருவின் பெயர். பிறகு திருத்துவதற்கு `.ai` போன்ற மூலக் கோப்பும் வேண்டுமென்றால் அதையும் முன்பே கேட்டு எழுத வேண்டும். சில வடிவமைப்பாளர்கள் மூலக் கோப்புக்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள். அது நியாயமானதே, வேலை முடிந்த பிறகு அதைக் கேள்விப்படுவதுதான் சங்கடம்.

அடுத்தது திருத்தம். 'இரண்டு முறை திருத்தம் இலவசம்' என்று எழுதினால் மட்டும் போதாது, ஒரு முறை என்றால் என்ன என்றும் எழுத வேண்டும். காலையில் மேலாளர் நிறத்தை மாற்றச் சொல்கிறார், மாலையில் மருத்துவர் பழைய நிறமே போதும் என்கிறார். இது ஒரு முறையா, இரண்டு முறையா? எங்களுக்குப் பிடித்த வரையறை இது: 'மருத்துவமனையின் சார்பில் ஒருவர் மட்டும், எல்லா மாற்றங்களையும் ஒரே பட்டியலாகத் தொகுத்து அனுப்புவது ஒரு சுற்று. லோகோவுக்கு இரண்டு சுற்று, பக்க வடிவமைப்புக்கு இரண்டு சுற்று.' இதனுடன் இரண்டு வரிகள் சேர வேண்டும். வடிவமைப்பாளரின் பிழையைச் சரிசெய்வது திருத்தக் கணக்கில் வராது. படிவம் வேலை செய்யாவிட்டால் அதைச் சரிசெய்வது அவர் கடமை. ஒப்புதல் கொடுத்த வடிவமைப்பை மாற்றச் சொல்வதும், ஆறாவதாக ஒரு பக்கம் கேட்பதும் திருத்தம் அல்ல, புதிய வேலை. அதற்கு முதலில் விலை பேசி, மின்னஞ்சலில் ஒப்புதல் கொடுத்த பிறகே தொடங்க வேண்டும்.

பதிலுக்கு எத்தனை நாள் என்பதும் எழுதப்பட வேண்டியது. 'ஏழு நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் கொடுத்ததாகக் கொள்ளப்படும்' என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அதை நாங்கள் விரும்புவதில்லை. ஏழு நாளுக்கு மேல் ஆகும் தாமதத்தை முடிவுத் தேதியுடன் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதுங்கள், இருவருக்கும் நட்டமில்லை.

பணத்தை மூன்று தவணையாகப் பிரிப்பது எளிது: தொடக்கத்தில் 40 சதவீதம், பக்க வடிவமைப்புக்கு ஒப்புதல் கொடுத்ததும் 30, முடிவில் 30. இடையில் நிறுத்த நேர்ந்தால் அதுவரை முடிந்த கட்டத்துக்குப் பணம் உண்டு என்ற வரியும் வேண்டும். நீங்கள் உரை தராமல் மாதக்கணக்கில் இழுத்தால் அவர் கடைசித் தவணைக்காகக் காத்திருக்க முடியாது. எனவே, 'மருத்துவமனையின் தாமதம் 30 நாளைத் தாண்டினால் அதுவரை செய்த வேலைக்குப் பணம் தரப்படும்' என்று சேர்ப்பது முறை. ஹோஸ்டிங், எழுத்துரு, விலைக்கு வாங்கும் படங்கள் ஆகியவற்றுக்கு நீங்களே நேரடியாகப் பணம் கட்டுங்கள். உரிமம் உங்கள் பெயரில் இருக்கும்.

இனி உரிமை. பணம் கொடுத்துவிட்டதாலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுவதில்லை. சம்பளத்துக்கு வேலை செய்பவர் உருவாக்குவது பொதுவாக நிறுவனத்துக்குப் போகும். ஃப்ரீலான்சர் உருவாக்குவதோ, பல நாடுகளில், எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை அவருடையதாகவே இருக்கும். அதனால் இந்த வரியை விடாமல் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: 'இறுதித் தவணை வடிவமைப்பாளருக்குக் கிடைத்த நாளில், ஏற்றுக்கொள்ளப்பட்ட லோகோ, தளத்தின் வடிவமைப்பு ஆகியவற்றின் பதிப்புரிமை முழுவதும் மருத்துவமனைக்கு மாறும்.' பணம், உரிமை, கோப்புகள் மூன்றையும் ஒரே நிகழ்வுடன் கட்டுவதே இதன் நோக்கம். பணம் முதலா கோப்பு முதலா என்ற இழுபறிக்கும் அது வழி காட்டுகிறது. முடிந்த தளத்தை ஒரு சோதனை முகவரியில் நீங்கள் பார்க்கிறீர்கள். பட்டியலில் உள்ளவை எல்லாம் இருக்கின்றனவா என்று சரிபார்க்கிறீர்கள். கடைசித் தவணையைக் கொடுக்கிறீர்கள். இரண்டு வேலை நாளுக்குள் கோப்புகள், நிர்வாகக் கணக்கு, தளத்தின் முழுக் காப்புப்பிரதி எல்லாம் உங்களிடம் வந்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் அவரால் மாற்றிக் கொடுக்க முடியாது. எழுத்துருவும் விலைக்கு வாங்கிய படங்களும் வேறு யாருடையவோ. அவற்றைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே உங்களுக்குக் கிடைக்கும். தளம் வேர்ட்பிரஸ் போன்ற திறந்த மூல மென்பொருளில் இயங்கினால் அதற்கும் அதன் உரிமம்தான் பொருந்தும். பல வேலைகளுக்கும் பயன்படும் என்று அவர் எழுதி வைத்திருக்கும் நிரல்களை அவர் தன்னிடமே வைத்துக்கொள்வார். உங்கள் தளத்தில் காலவரையின்றிப் பயன்படுத்த அனுமதி கேட்டால் போதும். நீங்கள் வேண்டாம் என்ற லோகோ மாதிரிகள் அவருடையவை. முடிந்த வேலையைத் தன் படைப்புகளில் ஒன்றாகக் காட்டிக்கொள்ளலாமா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

டொமைனை மட்டும் இந்தத் தவணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். பதிவுதாரரின் மின்னஞ்சலுக்குத்தான் புதுப்பிப்பு நினைவூட்டல் வரும். அந்த முகவரி எப்போதோ விலகிப்போனவருடையது என்றால், டொமைன் காலாவதியானதும் தளத்துடன் சேர்ந்து அந்த டொமைனில் இயங்கும் உங்கள் அலுவலக மின்னஞ்சலும் நின்றுபோகலாம். டொமைனை நீங்களே பதிவு செய்யுங்கள். வடிவமைப்பாளர் அமைப்புகளை மாற்ற வேண்டியிருந்தால் அவருக்கெனத் தனி அனுமதி கொடுத்து, வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.

வரைவு எழுதி வைத்திருப்பவர்கள் கையெழுத்திடும் முன் எங்களுக்கு அனுப்பலாம். கோப்புகள், கணக்குகள், டொமைன் பற்றிய வரிகளைப் படித்துப் பார்த்து விடுபட்டதைச் சொல்கிறோம், கட்டணம் இல்லை. தொகை பெரிதாக இருந்தாலோ வடிவமைப்பாளர் வேறு நாட்டில் இருந்தாலோ உரிமை பற்றிய வரியை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அது எங்கள் தொழில் அல்ல.

அன்புடன்,
தளப் பராமரிப்புக் குழு